சுளுக்கிய கணுக்காலுக்கு ஓய்வா, அசைவா?

விடுதிகளுக்கிடையிலான பூப்பந்துப் போட்டிக்கு மூன்று வாரங்கள் இருந்தன. வலையருகே குதித்து இறங்கியபோது என் வலது பாதம் உட்புறமாக மடங்கிக்கொண்டது. சிறிது நேரத்தில் கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கிவிட்டது. "காலைக் கீழே வைக்காதே, அசையாமல் படு" என்றார் அம்மா தொலைபேசியில். பிசியோதெரபி பயிலும் மூத்த மாணவியோ, "நாளைக்கே மெல்ல நடக்கத் தொடங்கு தம்பி" என்றார். யார் சொல்வது சரி?

முதலில் எலும்பு முறிவு இல்லையென்று அறிய வேண்டும். நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எனக்கு அவ்விரண்டும் இல்லை. எலும்புகளைப் பிணைக்கும் நாரின் சில இழைகள் மட்டுமே இழுபட்டிருந்தன.

ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தல் என்ற முறையை 1978இல் பரப்பியவர் டாக்டர் கேப் மிர்கின். முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் அவரே எழுதினார். காரணம் எளிது. புதிய இழைகள், தம்மீது விழும் மிதமான இழுப்பின் திசையில்தான் ஒழுங்காக அமைகின்றன. அசையாத காலிலோ மூட்டு இறுகுகிறது, தசை மெலிகிறது.

ஆகவே முதல் நாள் மீள்கட்டு கட்டி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தேன். மறுநாள் முதல் தினமும் மூன்று வேளை, கட்டைவிரலால் 'அ' முதல் 'ஔ' வரை காற்றில் எழுதினேன். தாங்கும் அளவுக்கு நடந்தேன். ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கினேன். எனக்கிருந்த அளவுகோல் ஒன்றுதான்: பத்துக்கு மூன்றுக்குமேல் வலிக்கக்கூடாது, மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருக்கக்கூடாது. கூடினால் ஒரு படி பின்வாங்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் வலியே இல்லை. ஆசை யாரை விட்டது? ஓர் ஆட்டம் ஆடினேன். மாலையில் கால் மீண்டும் வீங்கியது. அந்த மூத்த மாணவி என்னைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். இடக்காலில் இருபது விநாடி நின்றேன், வலக்காலில் ஆறுதான்! வலி போனாலும், பாதம் எப்படிச் சாய்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் உணர்வு இன்னும் திரும்பவில்லை. அதற்குமுன் ஆடினால் அதே கால் மீண்டும் மடங்கும்.

அன்று முதல் பல் துலக்கும்போதும் ஒற்றைக் காலில் நின்றேன். பிறகு நேர் ஓட்டம், அதன்பின் பக்கவாட்டு ஓட்டம், கடைசியாக ஒற்றைக்கால் தாவல். இரு கால்களும் ஒரே தூரம் தாவும்வரை களமிறங்கக் கூடாதென்பது நிபந்தனை. போட்டியன்று வலக்கால் ஒரு சாண் பின்தங்கியது. மாற்று ஆட்டக்காரராக வெளியில் அமர்ந்தேன். ஐந்தாம் வாரம்தான் ஆடினேன்.

அம்மா சொன்னதும் பொய்யல்ல. ஆனால் அது முதல் ஓரிரு நாள்களுக்கு மட்டும்தான்.