நன்றி நவிலல்: மூன்று நிமிட வேலை

ஈஜிபுராவில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஓர் இளைஞர் 2023 ஜனவரியில் ஒரு நாள் மாலை, கையில் நான்கு தாள்களுடன் வந்தார். வெளிவட்டச் சாலைப் பக்கம் உலோகத் தகடுகளை அழுத்தி உதிரிப் பாகங்கள் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் அவர் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறார். “அங்கிள், சனிக்கிழமை எங்க கம்பெனி ஆண்டு விழா. நன்றி சொல்லுற பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. நீங்க சங்கத்துல மேடை ஏறினவர். கொஞ்சம் பார்த்துக் கொடுங்க” என்றார்.

தாள்களைப் பார்த்தேன். நிர்வாக அலுவலகம் கொடுத்த பட்டியலில் 31 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் “மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன்” என்று ஒரு வாக்கியம். ஒரு பெயருக்குப் பத்து வினாடி என்று வைத்தாலும் 310 வினாடிகள், அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல். அதற்கு முன்னால் சிறப்பு விருந்தினரின் பெருமைகள் ஒரு பக்கம். அவற்றை வரவேற்புரையில் வேறொருவர் சொல்லியிருப்பார். மொத்தம் ஒன்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பின்வரிசையில் பாதிப்பேர் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். வெளியே கம்பெனிப் பேருந்தும் காத்திருக்கும்.

அந்தத் தாள்களை நாங்கள் இருவரும் எப்படித் திருத்தினோம் என்பதை இங்கே சொல்கிறேன். நம் அன்பர்கள் பலருக்கு அலுவலக விழாக்களில் இந்தப் பொறுப்பு வருகிறது. அவர்களுக்குப் பயன்படலாம்.

இரண்டு பெயர்கள், இரண்டு பொருள்கள்

இதை ஆங்கிலத்தில் ‘வோட் ஆஃப் தேங்க்ஸ்’ என்கிறோம். அதில் வோட் எங்கே இருந்து வந்தது? பழைய கூட்ட நடைமுறையில் நன்றி என்பது ஒரு தீர்மானம். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், சபை கைதட்டி நிறைவேற்றும். கைதட்டல்தான் அங்கே வாக்கு. நம் நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் இன்றும் உண்மையாகவே வாக்குக்கு விடப்படுகிறது. 2015 மார்ச் 3 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சியினர் கொண்டுவந்த திருத்தத்துடன் அது நிறைவேறியது. கம்பெனி ஆண்டு விழாவில் யாரும் வாக்கெடுப்பதில்லை. ஆனாலும் பழைய நடைமுறையிலிருந்து ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது: நன்றி சொல்பவர் தமக்காகப் பேசவில்லை, சபைக்காகப் பேசுகிறார். ஆகவே ‘நான்’ என்ற சொல் குறைந்து, ‘நாங்கள்’ என்ற சொல் வர வேண்டும். “எனக்கு இந்த வாய்ப்பை அளித்த” என்று தொடங்குவது அதனால்தான் பொருந்துவதில்லை.

தமிழில் நாம் ‘நன்றி நவிலல்’ என்கிறோம். பழந்தமிழில் நன்றி என்ற சொல்லுக்கு, செய்த நன்மை என்று பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். நவிலல் என்றால் சொல்லுதல். அப்படியானால் நன்றி நவிலல் என்பது, ஒருவர் செய்த நன்மையை எடுத்துச் சொல்வது. இளைஞரின் தாள்களில் 31 தடவை ‘நன்றி’ இருந்தது. யார் என்ன செய்தார் என்பது ஓர் இடத்தில்கூட இல்லை.

என் தவறு

இதை நான் அவரிடம் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டிப்ளமா முடித்து ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்தவன் நான். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியதன் நினைவாக ஏப்ரலில் ரயில்வே வாரம் கொண்டாடுவார்கள். 1991இல் எங்கள் பிரிவுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. விழாவில் நான் நன்றியுரை சொன்னேன். அதிகாரிகள், அவர்கள் துணைவியர், ஒலிபெருக்கிக்காரர், பூமாலை கொடுத்தவர் என எல்லாரையும் சொன்னேன். அந்தக் குளிர்காலத்தில், விடியற்காலையில் தண்டவாளம் விரிசல் விட்டிருந்ததைக் கண்டு, சிவப்புக் கொடியும் டெட்டனேட்டருமாக ஓடி வண்டியை நிறுத்திய கீமேனைச் சொல்லவில்லை. கேடயம் கிடைத்ததற்கு அவரும் ஒரு காரணம். கடைசி வரிசையில், சலவை செய்த சட்டையுடன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார். மறுநாள் பாதையில் பார்த்தபோது வழக்கம்போல வணக்கம் வைத்தார். எனக்குத்தான் முகம் பார்க்க முடியவில்லை. நான் வேண்டுமென்று விடவில்லை. பட்டியல் அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

பட்டியலில் இல்லாதவர்கள்

ஆகவே இளைஞரிடம் முதலில் கேட்டேன்: “தம்பி, போன வருஷம் உங்க கம்பெனியில எது நின்னு போயிருக்கும், ஆனா நிக்கல?”

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலைப் பகுதி வெள்ளக்காடானது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அவர்கள் பட்டறைக்குள்ளும் இரவில் தண்ணீர் வந்திருக்கிறது. இரவுப் பணியில் இருந்தவர்கள், கீழ்த்தட்டில் இருந்த அச்சுகளை (டை என்பார்கள்) சங்கிலிக் கப்பி போட்டு மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அவை நனைந்து துருப்பிடித்திருந்தால் மெருகேற்றி மறுபடி ஓட்டப் பல வாரங்கள் ஆகியிருக்கும்.

“அவங்க பேர் பட்டியல்ல இருக்கா?”

“இல்ல அங்கிள். அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க. ஏஜென்சி வழியா வர்றவங்க. ஒருத்தர் வாட்ச்மேன்.”

இங்கே மூன்று காரியங்கள் செய்யச் சொன்னேன். முதலாவது, பெயர்களைச் சரிபார்ப்பது. அவருக்கு இரண்டு பெயர்தான் தெரிந்திருந்தது. இரவுப் பணி மேற்பார்வையாளரைக் கேட்டபோது ஐந்து பேர் என்று தெரிந்தது. இரண்டு பேரை மட்டும் மேடையில் சொல்லியிருந்தால் மற்ற மூவருக்கும் நான் 1991இல் செய்ததைத்தான் இவரும் செய்திருப்பார். இரண்டாவது, மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குவது. மேடையில் திடீரென்று சொன்னால், நிர்வாகம் மறந்துவிட்டதைக் குத்திக் காட்டுவது போல ஆகிவிடும். மேலாளர் மறுக்கவில்லை. “நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க” என்றாராம். மூன்றாவது, அந்த ஐவரும் விழாவுக்கு வருவார்களா என்று பார்ப்பது. வாட்ச்மேனுக்கு அன்று மாலைப் பணி. அதை மாற்றிக் கொடுத்தார்கள்.

சுருக்கும் முறை

பிறகு 31 பெயர்களை எடுத்துக்கொண்டோம். வெளியிலிருந்து வந்தவர், தலைமை தாங்கியவர், பட்டியலில் விடுபட்டவர் ஆகியோரைத்தான் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மற்றவர்களைச் செய்த வேலையால் குறிப்பிட்டால் போதும். விழாக் குழுவில் இருந்த 14 பேர் ஒரே வாக்கியத்தில் அடங்கினார்கள். பாதிப் பெயரைச் சொல்லிப் பாதியை விடுவதுதான் மனத்தாங்கலுக்கு இடம். ஒரு குழுவில் எல்லாரையும் சொல்லுங்கள், அல்லது குழுவாகச் சொல்லுங்கள்.

வரிசை இது: சிறப்பு விருந்தினர், நிர்வாகம், வாடிக்கையாளர் முதலிய வெளியார், ஊழியர், குடும்பத்தினர், விழா ஏற்பாட்டாளர். உரைக்குப் பின் தேசிய கீதம் என்றால், எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்வது யார் என்பதை அறிவிப்பாளரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

சிறப்பு விருந்தினருக்கான இடத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டோம். அவர் பேசும்போது கவனித்துக் கேட்டு, ஒரே ஒரு கருத்தைக் குறித்துக்கொண்டு அங்கே நிரப்ப வேண்டும். அவர் பேச்சைத் திருப்பிச் சுருக்கிச் சொல்லக் கூடாது. பெயரின் முதலெழுத்து, பதவி, உச்சரிப்பு மூன்றையும் அவருடன் வந்தவரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அழைப்பிதழை நம்ப வேண்டாம். அச்சான பிறகு பதவி மாறியிருக்கலாம்.

நேரத்துக்கு ஓர் அளவு: நிதானமாகப் படித்தால் எனக்கு நிமிடத்துக்குச் சுமார் 80 தமிழ்ச் சொற்கள் வருகின்றன. கைதட்டலுக்கும் இடம் விட்டால், மூன்று நிமிடத்துக்கு 200 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது.

உரை

அவர் ஆங்கிலத்தில் பேசினார். அதைத் தமிழில், பெயர்களை நீக்கித் தருகிறேன்.

“தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, நண்பர்களே, குடும்பத்தினரே, வணக்கம்.

நம் அனைவரின் சார்பாகவும் நன்றி சொல்ல வந்திருக்கிறேன். சிறப்பு விருந்தினர் அவர்கள் தம் வேலைகளுக்கிடையே ஒரு மாலைப் பொழுதை எங்களுக்குக் கொடுத்தார்கள். குறையை மறைக்காமல் எழுதி வைக்கும் பட்டறைதான் முன்னேறும் என்று அவர்கள் சொன்னதைத் தரப் பிரிவில் இருக்கும் நாங்கள் மறக்க மாட்டோம். நன்றி, ஐயா.

வெள்ளத்துக்குப் பின் இயந்திரங்கள் நின்றிருந்த நாட்களுக்கும் நிர்வாகம் முழுச் சம்பளம் கொடுத்தது. சரக்கு தாமதமானபோது வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இருவருக்கும் நன்றி.

அந்த இரவில் தண்ணீர் முழங்கால் அளவு வந்தபோது, ஐந்து பேர் அச்சுகளை மேலே ஏற்றினார்கள். அவர்கள் பெயர்களைச் சொல்கிறேன். (ஐந்து பெயர்கள்.) அவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாம் இன்று வேலையில் இருப்பதற்கு அவர்களும் காரணம்.

நாங்கள் வீட்டுக்கு நேரங்கழித்து வந்த நாட்களைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தினருக்கும், இந்த விழாவுக்காக மூன்று வாரம் உழைத்த குழுவினருக்கும், சமையல், ஒலி, ஒளி பார்த்துக்கொண்டவர்களுக்கும் எங்கள் நன்றி. எல்லரிகூ தன்யவாதகளு. வணக்கம்.”

கடைசியில் ஒரு கன்னட வாக்கியம் வைத்தது அவருடைய யோசனை. உடன் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கன்னடர். அது சரியான யோசனைதான். முதலில் எழுதியிருந்த “யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்” என்பதை நான் எடுத்துவிட்டேன். விசாரிக்க நேரம் இருந்தும் விசாரிக்காமல் விட்டால் அந்த மன்னிப்புக்குப் பொருள் இல்லை.

ஞாயிறு காலை பால் வாங்கப் போகும்போது இளைஞரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். மூன்று நிமிடத்துக்கு எழுதியது நான்கு நிமிடம் ஆனதாம். ஐந்து பெயர்களையும் சொன்ன பிறகு, கைதட்டல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்றார்.