செத்த வடத்தில் வாழும் செம்பு

கைப்பேசியில் மின்னேறவில்லை என்றால் சார்ஜரும் கேபிளும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. பெரும்பாலும் அவற்றுள் ஒன்றுதான் பழுதாகியிருக்கும். நல்ல கேபிளைப் பழைய சார்ஜரில் பொருத்திப் பார்த்தால் எது பழுது என்பது தெரிந்துவிடும். கேபிள் பெரும்பாலும் கைப்பேசியில் செருகும் முனையருகே, அடிக்கடி மடங்கும் இடத்தில் அறுகிறது. எஞ்சிய நீளம் நன்றாகவே இருக்கும்.

சாதாரண யு.எஸ்.பி. கேபிளின் உறையை உரித்தால் நான்கு மெல்லிய கம்பிகள் தென்படும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்தையும், பச்சையும் வெள்ளையும் தகவலையும் கொண்டு செல்கின்றன. மலிவான கேபிள்களில் நிறம் மாறியிருக்கக்கூடும். ஆதலால் மின்னளவியால் சோதிப்பது நன்று.

இத்தகைய கேபிளைக் கொண்டு ஆசிரியர் துணையுடன் சிறு விளக்கு ஒன்றைச் செய்யலாம். அறுந்த முனையை வெட்டிவிட வேண்டும். சார்ஜரில் செருகும் தட்டையான அகன்ற முனையை விட்டுவைக்க வேண்டும். அதிலிருந்து 5 வோல்ட் கிடைக்கும். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும். மிகுந்த 2 வோல்ட்டை மின்தடை ஒன்று ஏற்க வேண்டும். 0.02 ஆம்பியர் மின்னோட்டத்திற்கு 2 ÷ 0.02 = 100 ஓம் மின்தடை தேவை. சிவப்புக் கம்பியை மின்தடை வழியாக எல்.இ.டி.யின் நீண்ட காலுடனும், கறுப்புக் கம்பியைக் குட்டைக் காலுடனும் இணைக்க வேண்டும். மின்தடையை விட்டுவிட்டால் எல்.இ.டி. விரைவில் கருகிவிடும். பச்சை, வெள்ளைக் கம்பிகளின் நுனிகளைத் தனித்தனியே நாடாவால் மூடிவிட வேண்டும்.

சார்ஜரைப் பிரித்தல் கூடாது. அதனுள் இருக்கும் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் பெறுவது. செருகியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் அதனைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

கம்பியில் உள்ளது செம்பு. நிறத்தால் பெயர் பெற்ற இவ்வுலோகத்தைத் தமிழரும் மலையாளிகளும் ஒரே சொல்லால் அழைக்கின்றனர். ஆக்ரிக் கடையில் செம்புக்கு நல்ல விலை உண்டு என்பதால் சிலர் உறையைக் கொளுத்திக் கம்பியை எடுக்கின்றனர். இது தீங்கானது. உறையாகிய பி.வி.சி.யில் குளோரின் உள்ளது. அது எரிகையில் அமிலப் புகையும் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் தோன்றுகின்றன. சூடான செம்பு அந்நஞ்சு உருவாவதை மேலும் விரைவுபடுத்துகிறது.

குன்னத்துகால் போன்ற கேரள ஊராட்சிகளில் குடும்பஸ்ரீயைச் சார்ந்த ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுதோறும் கழிவுகளைப் பெறுகின்றனர். கேபிளையும் சார்ஜரையும் நெகிழிக் கழிவுடன் கலவாமல் தனிப்பையில் வைத்து, மின்கழிவு பெறும் நாளில் அவர்களிடம் கொடுக்க வேண்டும். கிளீன் கேரளா நிறுவனத்தின் வழியாக அவை மறுசுழற்சிக்குச் செல்கின்றன. மறுசுழற்சி ஆலைகளில் கேபிளை எரிப்பதில்லை. சிறு துகள்களாக நறுக்கி, காற்றை ஊதிக்கொண்டே அதிரும் சாய்ந்த மேசையில் இடுகின்றனர். செம்பு, பி.வி.சி.யைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு அடர்த்தி உடையது. ஆதலால் செம்புத் துகள் ஒரு பக்கமும் நெகிழித் துகள் மறுபக்கமும் பிரிந்து விழுகின்றன.

பயிற்சி: 3 வோல்ட் எல்.இ.டி.யில் 0.01 ஆம்பியர் மட்டும் பாய வேண்டுமாயின் எத்தனை ஓம் மின்தடை தேவை?