நாற்பது கிலோ மாம்பழம்

கொடிகாமத்தில் எங்கள் வளவில் இருபத்திரண்டு கறுத்தக்கொழும்பான் மரங்கள். பாரிஸ் லா சப்பலில் மச்சான் கடை வைத்திருக்கிறான். உங்களுக்கும் வளவில் மரமும் வெளிநாட்டில் ஒரு மச்சானும் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

2023இல் 300 கிலோ கேட்டான். காம்பை ஒரு விரற்கடை விட்டு வெட்டிப் பாலை வடியவிட்டால் தோலில் கறை வராது. அவன் கேட்ட தரம் அவ்வளவுதான். ஏற்றுமதிப் பதிவு, விமானச் சரக்கு எல்லாம் ஏஜன்ட் பார்த்தார். என்னை விழுத்தியது பழ ஈ.

2019 செப்டெம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் மாம்பழத்தில் பழ ஈ இல்லை என்பதற்கான ஆதாரம் தாவரச் சுகாதாரச் சான்றிதழிலேயே இருக்க வேண்டும். ஈ இல்லாத நாடு, ஈ இல்லாத பிரதேசம் என்ற வழிகள் எங்களுக்குச் சரிவராது. வெந்நீர்ப் பரிகரிப்புக்கு என்னிடம் வசதியில்லை. மிஞ்சியது தோட்டச் சோதனை. அறுவடைக்கு முந்திய மூன்று மாதமும், மாதம் ஒரு தடவையாவது அதிகாரி வந்து தோட்டத்திலும் அயலிலும் ஈயின் அடையாளம் இல்லை என்று காண வேண்டும். பழம் எந்தத் தோட்டத்தது என்பதும் சான்றிதழில் பதிவாக வேண்டும்.

காய் கோழிமுட்டை அளவானதும் ஒவ்வொன்றுக்கும் கடதாசிப் பை கட்டினேன். விழுந்த பழங்களை அன்றன்றே ஆழமாகப் புதைத்தேன். ஊரில் சிலர் எனக்குப் பைத்தியம் என்றார்கள். அந்தப் பழங்களில் ஒரு புழுகூட இருக்கவில்லை.

அறுவடையில் 40 கிலோ குறைந்தது. "அயலில வாங்கிப் போடுங்கோ தம்பி, பைட்டோச் சான்றிதழ் கிடைச்சால் சரிதானே" என்றார் ஏஜன்ட். மீசாலையில் சொந்தக்காரரிடம் வாங்கினேன். பை கட்டாத, ஒருவரும் சோதிக்காத காய். அந்தக் கணத்தில் என் தோட்டத்தின் பெயரில் சான்றிதழில் எழுதப்படப்போவது பொய்யாகிவிட்டது.

கட்டுநாயக்கவில் மாதிரி எடுத்து வெட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஈ முட்டையிட்ட இடம் ஊசி குத்தியதுபோல், ஒரு துளி பால் உறைந்து தெரியும். ஓரிரு நாளில் முட்டை பொரிக்கும். அதற்குமுன் வெட்டினால் நல்ல பழமாகத்தான் தெரியும். பாரிஸில் மூன்று பெட்டிகளில் புழு நெளிந்தது. நல்ல பழம் 260 கிலோவையும் சேர்த்தே அழித்தார்கள், செலவு மச்சான் தலையில். புழு பிடிபட்ட அறிவித்தல் எங்கள் நாட்டுக்கும் வந்தது.

"சான்றிதழ் எடுத்துத் தந்தேனே" என்றார் ஏஜன்ட். அன்றைக்குக் கையில் எடுத்த மாதிரியில் என்ன தெரிந்ததோ அதற்குத்தான் அது சாட்சி. பெட்டிக்குள் யாருடைய காய் என்பது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

இப்போது பறிக்க ஒரு கிழமைக்கு முன் மரத்துக்கு ஐந்து காய் பிடுங்கி, நாலு நாள் அறையில் வைத்து வெட்டிப் பார்க்கிறேன். ஒன்றில் புழு கண்டாலும் அந்த மரம் உள்ளூர்ச் சந்தைக்கு. பெட்டி ஒவ்வொன்றிலும் மர இலக்கம் எழுதுகிறேன். ஏஜன்டையும் மாற்றிவிட்டேன்.

போன வருடமும் 300 கிலோ கேட்டான். 212 கிலோதான் தேறியது. 212 கிலோதான் அனுப்பினேன்.