'வரக்கூடாது' என்று எழுதும் முன்: மொழி மாதிரிக்கு எதிர்மறை விதி எழுதுதல்

பயிற்சித் தாளும் வினாத்தாளும் தயாரிக்கச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். "இது வரக்கூடாது" என்று தெளிவாகக் கட்டளையில் எழுதியிருப்போம். தாளில் அதுவே வந்து நிற்கும். செயலி நம் சொல்லை அலட்சியம் செய்வதாகத் தோன்றும். உண்மைக் காரணம் வேறு. எதிர்மறை விதி ஒன்றை மொழி மாதிரி எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தால், விதியை எப்படி மாற்றி எழுதுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு கட்டளையும் அதன் விளைவும்

இரண்டாம் வகுப்புக்கு ஈரிலக்கக் கூட்டல் பயிற்சித் தாள் ஒன்று வேண்டும் என்று கொள்வோம். குழந்தைகள் இன்னும் இனமாற்றம் படிக்கவில்லை. எனவே கட்டளையை இப்படி எழுதுகிறோம்:

"ஈரிலக்கக் கூட்டலில் 10 வாழ்க்கைக் கணக்குகள் தருக. இனமாற்றம் வரக்கூடாது. பணக் கணக்கு வேண்டாம். விடை மூன்று இலக்கமாக இருக்கக்கூடாது."

இதற்குக் கிடைக்கும் தாளில் இத்தகைய கணக்கு ஒன்று இருக்கலாம்: "காந்திபுரத்தில் புறப்பட்ட பேருந்தில் 27 பேர் இருந்தனர். அடுத்த நிறுத்தத்தில் 15 பேர் ஏறினர். மொத்தம் எத்தனை பேர்?" 7உம் 5உம் சேர்ந்தால் 12. இனமாற்றம் வந்துவிட்டது. சில சமயம் இத்தகைய கணக்கின் அருகிலேயே "இனமாற்றம் இல்லாத கணக்கு" என்ற குறிப்பும் இருக்கும். சொல் ஏட்டில் ஏறியிருக்கிறது, பொருள் எண்களில் ஏறவில்லை.

இது எவ்வளவு எளிதாக நேரும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒன்றுகள் இடத்தில் 0 முதல் 9 வரை எந்த இலக்கமும் வரலாம் என்றால், இரு எண்களுக்கும் சேர்த்து 100 இணைகள் உண்டு. அவற்றில் 45 இணைகளின் கூடுதல் 10 அல்லது அதற்கு மேல். ஆகவே விதியைக் கருதாமல் எண்களை எடுத்தால், 10 கணக்குகளில் சராசரியாக நான்கு அல்லது ஐந்தில் இனமாற்றம் வரும்.

ஏன் தவறாகிறது?

மொழி மாதிரி, இதுவரை உள்ள சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்து எழுதுகிறது. கட்டளையில் "பணக் கணக்கு" என்ற சொல் இருந்தால், அது பணம், ரூபாய், கடை ஆகிய சொற்களை நெருங்கி வரச் செய்கிறது. "வேண்டாம்" என்ற சொல் அதைத் தள்ள முயல்கிறது. இரண்டும் ஒரே கட்டளையில் இழுபறியில் இருக்கும். தள்ளும் பக்கம் எப்போதும் வெல்வதில்லை.

இந்தக் குறை ஆய்வில் சோதித்து அறியப்பட்டது. கூகுள் நிறுவனம் 2018இல் வெளியிட்ட பெர்ட் என்ற மொழி மாதிரியை அல்லிசன் எட்டிங்கர் சோதித்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார். "ராபின் ஒரு ___" என்ற வாக்கியத்தையும் "ராபின் ஒரு ___ அல்ல" என்ற வாக்கியத்தையும் ஒத்த ஆங்கில வாக்கியங்களை நிரப்பச் சொன்னால், இரண்டிற்கும் அந்த மாதிரி முன்வைத்த முதன்மைச் சொற்களில் "பறவை" இருந்தது. "அல்ல" என்பது அந்தச் சொல்லை விலக்கவில்லை. இன்றைய மாதிரிகள் அதைவிடப் பெரிதும் முன்னேறியவை. ஒற்றை எதிர்மறையைப் பெரும்பாலும் சரியாகப் பின்பற்றுகின்றன. ஆனால் விதிகள் பல சேரும்போதும், எழுத்து நீளும்போதும், தடை ஒரு சொல்லைப் பற்றியதாக இல்லாமல் ஒரு கருத்தைப் பற்றியதாக இருக்கும்போதும் நழுவல் இன்னும் நிகழ்கிறது.

இரண்டாவது காரணம் நம் பக்கம் உள்ளது. "இனமாற்றம் வரக்கூடாது" என்பது எது கூடாது என்று மட்டும் சொல்கிறது. எண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இதைப் பின்பற்ற, ஒவ்வொரு கணக்கிலும் இலக்கங்களைப் பிரித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலையை விதி எங்கும் கேட்கவில்லை.

வினா அமைப்பு பற்றி பி.எட். வகுப்பில் நாம் படித்ததும் இதற்கு ஒப்பானதே. "பின்வருவனவற்றுள் எது பாலூட்டி அல்ல?" என்ற வினாவில் "அல்ல" என்பதைத் தவறவிட்டு, பாலூட்டியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் உண்டு. எனவே எதிர்மறை வினாவைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் அந்தச் சொல்லை அடிக்கோடிட வேண்டும் என்பது நாம் அறிந்ததே.

நேர்மறையாக மாற்றி எழுதுதல்

முறை எளிது. தடுக்க விரும்புவது வராதபோது அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று கேட்டு, அதை எழுத வேண்டும். மேற்கண்ட கட்டளை இப்படி மாறும்:

"ஈரிலக்கக் கூட்டலில் 10 வாழ்க்கைக் கணக்குகள் தருக. இரு எண்களின் ஒன்றுகளைக் கூட்டினால் 9 அல்லது அதற்கும் குறைவாக வர வேண்டும். பத்துகளைக் கூட்டினாலும் 9 அல்லது அதற்கும் குறைவாக வர வேண்டும். கணக்குகள் தேங்காய், பூ, பேருந்துப் பயணிகள் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு கணக்கின் கீழும் ஒன்றுகளின் கூடுதலையும் பத்துகளின் கூடுதலையும் எழுதுக. மாதிரி: 34 + 25; ஒன்றுகள் 4 + 5 = 9; பத்துகள் 3 + 2 = 5."

மூன்று தடைகளும் போய்விட்டன. "பணம்" என்ற சொல்லே இல்லை. மூன்று இலக்க விடைக்குத் தனி விதியும் தேவைப்படவில்லை. இரு இடங்களிலும் கூடுதல் 9ஐத் தாண்டாவிட்டால் விடை 99க்குள் அடங்கிவிடும். கீழே எழுதச் சொன்ன கூடுதல்கள், பிழையைப் பார்த்தவுடன் காட்டிக் கொடுக்கும்.

தமிழில் ஒரு கூடுதல் கவனம்

"எல்லாக் கணக்குகளிலும் படம் இருக்கக்கூடாது" என்ற வாக்கியத்திற்கு இரு பொருள் உண்டு. ஒன்றில்கூடப் படம் வேண்டாம் என்பது ஒன்று. சிலவற்றில் இருக்கலாம், எல்லாவற்றிலும் வேண்டாம் என்பது மற்றொன்று. அவ்வாறே "பணமும் எடையும் ஒரு கணக்கில் வரக்கூடாது" என்பது, இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்றும், இரண்டுமே வரக்கூடாது என்றும் படிக்கப்படும். மனிதர் சூழல் பார்த்துப் புரிந்துகொள்வார். மாதிரி ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எழுதிவிடும். எதிர்மறையாகவே எழுத நேர்ந்தால், "எந்தக் கணக்கிலும் படம் இருக்கக்கூடாது" என்று "எந்த" சேர்த்து, ஒரு வாக்கியத்திற்கு ஒரு தடை என எழுதலாம்.

எதிர்மறை எங்கே நிற்கலாம்?

எல்லாத் தடைகளையும் நேர்மறையாக்க முடியாது. "மாணவர் பெயர் எதுவும் இடம்பெறக்கூடாது" என்பது தடையாகவே நிற்க வேண்டியது. இத்தகைய விதிகள் ஒன்றிரண்டுக்குள் இருக்கட்டும். கட்டளையின் முடிவில் தனித்தனி வரியில் இருக்கட்டும்.

தாள் வந்த பின், "விதியைப் பின்பற்றினாயா?" என்று செயலியையே கேட்பது சோதனை ஆகாது. பின்பற்றாதபோதும் ஆம் என்றே எழுதக்கூடும். ஒன்றுகளின் பத்தியை மட்டும் பென்சிலால் கூட்டிப் பார்த்தால் 10 கணக்குகளுக்கு ஒரு நிமிடம் ஆகும். தவறிய கணக்கு ஒன்று இருந்தால், அந்த எண்களை மட்டும் நாமே மாற்றிக்கொள்ளலாம். மேலே கண்ட பேருந்துக் கணக்கில் 15ஐ 12 ஆக்கினால் போதும்: 27 + 12 = 39.