பக்கப் பாத்திரம் தனிக்கதை ஆவது எப்படி?

எமது தமிழ் மன்றம் நடத்திய வினாவிடைப் போட்டியில் ஒரு கேள்வி வந்தது. "கல்கியின் பல்லவர் காலக் கதைகள் இரண்டில் முதலில் எழுதப்பட்டது எது?" நான் யோசிக்காமலே 'சிவகாமியின் சபதம்' என்றேன். பிழை. புள்ளி எதிரணிக்குப் போய்விட்டது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அந்தக் கதையில் நரசிம்மவர்மர் இளவரசர். 'பார்த்திபன் கனவி'லோ அவர் வளர்ந்த மகளுக்குத் தந்தையான சக்கரவர்த்தி. இளமை முதலில், முதுமை பிறகு என்று கணக்குப் போட்டேன். ஆனால் 'பார்த்திபன் கனவு' 1941இலும் 'சிவகாமியின் சபதம்' 1944இலும்தான் தொடராக வரத் தொடங்கின. எழுதிய வரிசை வேறு, கதைக்குள் காலம் ஓடும் வரிசை வேறு. பிறகு எழுதப்பட்டு, முன்னைய கதைக்கும் முந்திய காலத்தைச் சொல்வதுதான் முன்கதை. இதையே பிரீக்குவல் என்கிறார்கள். முன்கதை எழுதுபவருக்கு ஒரு தொல்லை உண்டு. 'பார்த்திபன் கனவை' வாசித்தவருக்கு நரசிம்மர் போரில் சாகமாட்டார் என்பது முன்கூட்டியே தெரியும். அதனால் "என்ன நடக்கும்?" என்ற ஆவலைக் கொண்டு அவரை இழுத்துச் செல்ல முடியாது. "எப்படி இந்த மனிதர் இப்படி ஆனார்?" என்ற கேள்வியில்தான் கதை நிற்க வேண்டும்.

பின்கதை, அதாவது சீக்குவல், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே ஆட்கள், பிந்திய காலம். ஸ்பின்-ஓஃப் என்று வரும்போதுதான் குழப்பம். இதைக் கிளைக்கதை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் மகாபாரதத்தில் வரும் நளன் கதையையும் நாம் கிளைக்கதை என்றுதான் படிக்கிறோம். அது மரத்திலேயே இருக்கும் கிளை. ஸ்பின்-ஓஃப் என்பது முருங்கைக் கொப்பை வெட்டி வேறு வளவில் நடுவது போன்றது. அது தன் வேரில் நிற்க வேண்டும்.

இதை எனக்கு விளங்க வைத்தது என் தம்பி பார்க்கும் கார்ட்டூன். 2005இல் வெளிவந்த 'மடகாஸ்கர்' படத்தில் நான்கு பேர் முக்கியமானவர்கள்: அலெக்ஸ் என்ற சிங்கம், மார்ட்டி என்ற வரிக்குதிரை, மெல்மன் என்ற ஒட்டகச்சிவிங்கி, குளோரியா என்ற நீர்யானை. நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் வளர்ந்த இவர்கள் மடகாஸ்கர் தீவில் கரை ஒதுங்குகிறார்கள். அதே மிருகக்காட்சிசாலையில் இருந்த நான்கு பென்குவின்கள் அங்குமிங்குமாகத் தலைகாட்டிவிட்டுப் போகும். 2008இலும் 2012இலும் வந்த படங்கள் பின்கதைகள். 2008இன் கடைசியில் தொடங்கி 2015 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரோ அந்தப் பென்குவின்களுக்கே உரியது.

கதாநாயகனை விட்டுவிட்டுப் பென்குவினை ஏன் பிடித்தார்கள்? பகிடி விடுவதால் என்று தம்பி சொன்னான். அது பாதிக் காரணம்தான். அலெக்ஸுக்கு முதற் படத்தில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இறைச்சி கிடைக்காத தீவில் பசி முற்றி, உயிர் நண்பன் மார்ட்டியே அவன் கண்ணுக்கு உணவாகத் தெரிகிறான். படத்தின் பாரம் முழுவதும் அதில்தான். கடைசியில் மீன் சாப்பிடப் பழகியதும் அது தீர்ந்துவிடுகிறது. அவனை மறுபடியும் நடத்த வேண்டுமானால் அதே அளவுக்குக் கனமான இன்னொரு சிக்கல் வேண்டும். இரண்டாம் படத்தில் அதற்காகத்தான் பிரிந்துபோன தகப்பனைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கிழமையும் அப்படி ஒன்றைத் தேட யாராலும் முடியாது.

பென்குவின்களுக்குத் தீர வேண்டிய சிக்கல் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. எதைக் கண்டாலும் அதை இராணுவ நடவடிக்கை ஆக்கிவிடுவார்கள். ஸ்கிப்பர் கட்டளையிடுவான், கோவல்ஸ்கி திட்டம் போடுவான், ரிக்கோ முரட்டு வேலைகளைச் செய்வான், பிரைவேட் சின்னவனாக எல்லாவற்றையும் நம்புவான். இந்த நாலு பேரிடமும் காணாமற்போன ஒரு பொருளைக் கொடுத்தால் போதும், பதினொரு நிமிடக் கதை தானாக நடக்கும். சிக்கல் உள்ள பாத்திரம் ஒரு படத்தைத் தாங்கும். நாட்கணக்காகத் தொடரைத் தாங்குவது பழக்கம் உள்ள பாத்திரம்தான் என்பது என் எண்ணம்.

ஆனாலும் அப்படியே தூக்கி வைத்துவிடவில்லை. படத்தில் சின்னதாக இருந்ததைத் தொடரில் பெருக்கினார்கள். கோவல்ஸ்கி கண்டுபிடிப்பாளன் ஆனான். ரிக்கோவின் வயிறு எந்தக் கருவியையும் விழுங்கிக் கக்கும் களஞ்சியம் ஆனது. தீவின் லெமூர் அரசன் ஜூலியனைப் பக்கத்து வீட்டுத் தொல்லையாக அதே மிருகக்காட்சிசாலையில் குடியேற்றினார்கள். "இது தேவையா?" என்று கேட்க ஆள் வேண்டுமல்லவா? அதற்கு மார்லின் என்ற நீர்நாயைப் புதிதாகச் சேர்த்தார்கள். சிங்கமும் கூட்டாளிகளும் அங்கே இல்லை. இருந்திருந்தால் பென்குவின்கள் மறுபடியும் ஓரத்துக்குப் போயிருப்பார்கள்.

"இவங்க எப்ப நியூயோர்க்குக்குத் திரும்பி வந்தாங்க தாத்தா?" என்று தம்பி கேட்டான். தேடித்தேடிப் பார்த்தேன். படங்களின் காலக்கோட்டில் அந்தத் தொடரை ஒழுங்காகப் பொருத்த இடமே இல்லை. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முன்கதை, பின்கதை என்பவை "எப்போது?" என்ற கேள்விக்கு விடை. ஸ்பின்-ஓஃப் "யாருடைய கதை?" என்ற கேள்விக்கு விடை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். ஆகவே ஒரே கதை இரண்டாகவும் இருக்கலாம். 2014இல் ஜூலியனுக்கென்று வந்த தொடர் அப்படித்தான். அரசனை விலங்கு தின்றுவிடும் என்ற எதிர்வுகூறலுக்குப் பயந்து மாமன் முடியைக் கழற்றிக் கொடுக்க, ஜூலியன் அரியணை ஏறுகிறான். சிங்கம் தீவுக்கு வருவதற்கு முந்திய காலம் அது. ஸ்பின்-ஓஃபும் அதுதான், முன்கதையும் அதுதான்.

அதே 2014இல் பென்குவின்களுக்குத் தனிப் படமும் வந்தது. அதில் பிரைவேட் தன்னை யாரும் மதிப்பதில்லை என்று மனம் வெதும்புகிறான். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பழக்கத்தால் வாழ்ந்தவர்களுக்குச் சிக்கலைக் கொடுத்ததும் அவர்களும் இன்னோர் அலெக்ஸாகிவிட்டார்கள்.

இந்த அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பாடப் பக்கம் திரும்பினேன். சிலப்பதிகாரத்தில் மணிமேகலை ஓரத்தில் நிற்கும் பிள்ளை. 'மணிமேகலை'க் காப்பியம் எப்போது நடக்கிறது? கோவலன் இறந்த பிறகு. யாருடைய கதை? கண்ணகியுடையது அல்ல. ஆகவே பின்கதை, ஸ்பின்-ஓஃப் இரண்டும்தான். இரட்டைக் காப்பியம் என்று மனப்பாடம் செய்தபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

இதை வகுப்பில் சொன்னபோது என் தோழி, "அப்ப ஐயைக்கு ஒரு தொடர் எழுதலாமா?" என்று கேட்டாள். மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த இடைக்குல மாதரியின் மகள் அவள். முதலில் சரிவராது என்றேன். மாதரி துக்கம் தாங்காமல் தீயில் விழுந்த பிறகு ஐயைக்கு எஞ்சுவது சிக்கல்தான், பழக்கமல்ல. தோழி விடவில்லை. "பிறகு எழுதினால்தானே? முந்தி எழுதுவம்" என்றாள். அவள் சொன்னது சரி. மதுரைக்கு வெளியே ஓர் ஆயர் குடியிருப்பு, வந்தவரை ஏற்கும் ஒரு தாய், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மகள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒருவர் அடைக்கலம் கேட்டு வரலாம். கண்ணகி வாசலுக்கு வரும் அத்தியாயத்தோடு நிறுத்திவிட வேண்டும். முதல் இரண்டு அத்தியாயங்களை அவள் எழுதிவிட்டாள். மூன்றாவது என் கையில் இருக்கிறது.