பேரப்பிள்ளைக்குத் தேர்வு நேரத்தில் என்ன எழுதலாம்?

தொடக்கநிலை ஆறில் படிக்கும் பிள்ளைகள் செப்டம்பர் பிற்பகுதியில் பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வுகளை எழுதத் தொடங்குவார்கள். அந்த நாட்களில் தாத்தா, பாட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் நான்கு வரிகூடப் பிள்ளைக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அன்போடு எழுதும் சொற்களே சில வேளை பாரமாகிவிடும்.

ஒரு பாட்டி இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"கண்ணா, உனக்கு மனநோய் வந்துவிட்டது. தினமும் வல்லாரைப் பொடி சாப்பிடு, படித்தது மறக்கவே மறக்காது. பயப்படாதே, நீதான் முதலில் வருவாய்."

இதில் எதை மாற்றலாம்?

நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். தேர்வுக்கு முன் நெஞ்சு படபடப்பதும் வயிற்றைக் கலக்குவதும் பலருக்கு வருபவை. அது நோயா இல்லையா என்பதை மருத்துவரோ மனநல நிபுணரோதான் சொல்ல முடியும். நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

உறுதிமொழி தர வேண்டாம். பொடி சாப்பிட்டும் மறந்துபோனால், தன்னிடம்தான் குறை என்று பிள்ளை நினைக்கக்கூடும். "முதலில் வருவாய்" என்பதும் இன்னொரு சுமையே. மருத்துவரைக் கேட்காமல் புதிய மருந்து, லேகியம் எதையும் கொடுக்காதீர்கள்.

"பயப்படாதே" என்றால் பயம் போய்விடாது. பிள்ளை அதை மறைக்கத்தான் பழகும்.

இப்படி எழுதிப் பாருங்கள்

"கண்ணா, இரண்டு நாளாக நீ இரவில் வெகுநேரம் விழித்திருப்பதைப் பார்த்தேன். தேர்வு நெருங்கும்போது படபடப்பு பலருக்கும் வரும். இன்று ஒன்பது மணிக்குப் படுத்துப் பார்க்கிறாயா? கொஞ்சம் உதவலாம். பேச வேண்டும் என்றால் பாட்டி இருக்கிறேன்."

இதில் ஒரே ஒரு யோசனைதான் உள்ளது. அதுவும் கட்டளையாக இல்லாமல் கேள்வியாக இருக்கிறது. "உதவும்" என்று அடித்துச் சொல்லாமல் "உதவலாம்" என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். யோசனையும் பிள்ளையால் செய்யக்கூடியதே. இரவு ஒன்பது மணிக்குத் தூங்கிக் காலை ஆறு மணிக்கு எழுந்தால் ஒன்பது மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது அவ்வளவு தூக்கம் தேவை.

அனுப்பியபின் பதில் வரவில்லை என்றால் மீண்டும் மீண்டும் கேட்காதீர்கள். மறுநாள் சாப்பாட்டு வேளையில் அருகில் உட்கார்ந்தாலே போதும்.

எழுதுவது போதாத நேரம்

இரண்டு வாரங்களுக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, பெற்றோரிடம் சொல்லுங்கள். பள்ளி ஆலோசகரிடமும் அவர்கள் பேசலாம். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

"நான் இல்லாமல் போனால் நல்லது" என்பதுபோல் பிள்ளை பேசினால் அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் உதவி கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 995ஐ அழையுங்கள்.