பாதிக்கப்படாதவர் பொதுநல வழக்குப் போடலாமா? முழுமையான வழிகாட்டி

உங்கள் ஊர் ஏரிக்குள் யாரோ சுவர் எழுப்புகிறார். உங்களுக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் இல்லை. "உனக்கென்னப்பா நஷ்டம்?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. நீதிமன்றமும் ஒரு காலத்தில் அதையே கேட்டது.

விதி தளர்ந்த கதை

1979-இல் பிகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பலர் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் உள்ளே இருந்தவர்களும் உண்டு. ஜாமீன் கட்டப் பணமில்லை, வக்கீல் இல்லை. பத்திரிகையில் இதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கைதியுமல்ல, கைதிக்கு உறவுமல்ல. ஆனாலும் நீதிமன்றம் அவர் மனுவை ஏற்றது. பாதிக்கப்பட்டவர் மட்டுமே வரலாம் என்றிருந்தால், வர முடியாதவருக்கு நீதியே கிடையாது என்றாகிவிடும். 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்குத் தீர்ப்பு இந்தத் தளர்வைத் தெளிவாக வகுத்தது.

ஏரிக்கும் அதே நியாயம்தான். எல்லோருக்கும் சொந்தமானதற்குத் தனி ஆள் பாதிப்பைக் காட்ட முடியாது.

முதல் படி: ஆவணம்

கோபத்தோடு கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். 'ஏ' பதிவேட்டில் அந்த இடம் ஏரி என்று இருக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டாவது: அதிகாரிக்கு மனு

பலர் சறுக்குவது இங்கேதான். கலெக்டர், தாசில்தார், நீர்வளத் துறைப் பொறியாளர் ஆகியோருக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் மனு அனுப்புங்கள். கேட்டும் செய்யவில்லை என்று காட்டினால்தான், செய்யச் சொல்லி உத்தரவு கேட்க முடியும். அந்த ஒப்புகையைத் தொலைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது: உயர் நீதிமன்றம்

அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனு. கூடவே பிரமாணப் பத்திரம்: நீங்கள் யார், வருமானம் என்ன, செலவு சொந்தப் பணமா, இதில் சுயலாபம் உண்டா. ஆக்கிரமித்தவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். அவரைக் கேட்காமல் அவர் சுவரை இடிக்கச் சொல்ல மாட்டார்கள்.

எங்கே அடி விழும்?

ஏரியை ஒட்டி உங்கள் மனை இருந்து, அதை மறைத்தால் தொலைந்தீர்கள். மனு தள்ளுபடியாகும், வழக்குச் செலவும் தலையில் விழும். பங்காளிச் சண்டைக்குப் பொதுநலச் சட்டை மாட்டி வருபவர்களை நீதிபதிகள் நிறையப் பார்த்தவர்கள். அரசு ஊழியரின் பதவி உயர்வு, இடமாற்றம் போன்ற பணி விவகாரங்களும் இதில் எடுபடாது.

எதை எதிர்பார்க்கலாம்?

முதல் நாளே இடிக்க உத்தரவு வராது. பெரும்பாலும், "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்றுதான் அதிகாரிக்கு உத்தரவு வரும். கெடு தாண்டியும் அசையவில்லை என்றால், அந்த உத்தரவு நகலோடு நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம்.